எதிரொலிக்கு நடுவே தரவு: 4ஜி அலையின் உள்ளமைப்பு

கோபுரத்திலிருந்து கிளம்பும் ரேடியோ அலை, கைப்பேசிக்கு ஒரே வழியில் வந்து சேர்வதில்லை. ஒரு பகுதி நேராக வருகிறது. இன்னொரு பகுதி எதிரே உள்ள அடுக்குமாடிச் சுவரில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாக வருகிறது. அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் செல்லும். ஆகவே 300 மீட்டர் சுற்றி வரும் எதிரொலி, நேர் அலைக்கு ஒரு மைக்ரோ வினாடி பின்தங்கி வருகிறது.

தரவை ஒரே அலையில் ஏற்றி வேகமாக அனுப்பினால் இந்தச் சிறு தாமதமே பெரிய சிக்கலாகிவிடும். வினாடிக்கு ஒன்றரைக் கோடி குறியீடுகள் அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு குறியீடு நீடிக்கும் நேரம் 0.067 மைக்ரோ வினாடி. பின்தங்கிய எதிரொலி, 15 குறியீடுகளுக்கு முன் அனுப்பியதைக் கொண்டுவந்து இப்போது வருவதன் மேல் கொட்டுகிறது. இதைக் கணக்கிட்டுப் பிரித்தெடுக்கும் கருவிகள் உண்டு. ஆனால் வேகம் கூடக்கூட அந்தக் கணக்கும் பெருகும். கைப்பேசி இடம் மாறும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓ.எஃப்.டி.எம். வேறு வழியை எடுக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலைவரிசையில், கோபுரம் தரவை 1,200 துணை அலைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் நிதானமாக, ஒரு குறியீட்டை 66.7 மைக்ரோ வினாடி நேரம் சுமக்கிறது. எல்லாத் துணை அலைகளும் ஒரே சமயத்தில் இயங்குவதால் மொத்த வேகம் குறைவதில்லை. ஆனால் அதே ஒரு மைக்ரோ வினாடித் தாமதம், இப்போது குறியீட்டின் நீளத்தில் 100-க்கு ஒன்றரைப் பங்கு மட்டுமே.

இத்தனை துணை அலைகளை நெருக்கி வைத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடாதா? கலக்கத்தான் செய்கின்றன, அவற்றின் அலைப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆனாலும் பிரிக்க முடியும். அடுத்தடுத்த துணை அலைகளுக்கு இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ். இது 66.7 மைக்ரோ வினாடியின் தலைகீழ் மதிப்பு. எனவே ஒரு குறியீட்டு நேரத்துக்குள் ஒரு துணை அலை 10 முழுச் சுற்று சுற்றினால், அடுத்தது சரியாக 11 சுற்று சுற்றும். முழுச் சுற்றுகள் மட்டுமே இருக்கும்போது, ஒன்றை அளக்கையில் மற்றவற்றின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுசெய்து பூஜ்யமாகிவிடும். பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் 1966-இல் இந்தக் கருத்தை வெளியிட்டார். 1,200 தனித்தனி அலையியற்றிகளைக் கட்டவும் தேவையில்லை. ஃபூரியே உருமாற்றம் என்ற கணக்கே எல்லாத் துணை அலைகளையும் ஒருசேர உருவாக்கும் என்று 1971-இல் வைன்ஸ்டைனும் ஈபர்ட்டும் காட்டினர்.

இன்னும் ஒரு குறை பாக்கி. முந்தைய குறியீட்டின் எதிரொலி, அடுத்த குறியீட்டின் தொடக்கத்தில் வந்து விழும். அதற்காக இரண்டுக்கும் நடுவே 4.7 மைக்ரோ வினாடி இடம் விடுகிறார்கள். இதை வெறுமையாக விட்டால் போதாது என்பதுதான் இந்த முறையின் மிக நுட்பமான இடம். வெறுமையாக விட்டால், தாமதமாக வரும் எதிரொலியின் முதல் துண்டு அளக்கும் நேரத்துக்குள் காலியாக இருக்கும். முழுச் சுற்றுகள் உடைந்து துணை அலைகள் கலந்துவிடும். ஆகவே குறியீட்டின் கடைசி 4.7 மைக்ரோ வினாடியை நகலெடுத்து முன்னால் ஒட்டுகிறார்கள். இனி எதிரொலி எந்த அளவு தள்ளி வந்தாலும், ஒட்டுத்துண்டின் நீளத்துக்குள் இருக்கும்வரை, அளக்கும் நேரத்தில் முழுச் சுற்றுகளே தெரியும். இதற்கு விலையாக நேரத்தில் சுமார் 7 சதவீதம் போகிறது.

இதன் பிறகு எதிரொலியால் துணை அலையின் வலிமையும் கட்டமும்தான் மாறுகின்றன. இடையிடையே அனுப்பப்படும், முன்பே தெரிந்த வழிகாட்டிக் குறியீடுகளை வைத்துக் கைப்பேசி அந்த மாற்றத்தைக் கண்டு திருத்திக்கொள்கிறது. நேர் அலைக்குச் சமமான வலிமையோடு எதிரொலி வந்தால் சில துணை அலைகள் அடியோடு அழிந்துவிடுவதும் உண்டு. ஒரு மைக்ரோ வினாடித் தாமதத்தில் இந்தப் பள்ளங்கள் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, சுமார் 67 துணை அலைகளுக்கு ஒரு முறை வரும். தரவோடு பிழைதிருத்தப் பிட்டுகளையும் சேர்த்துக் கலைத்து அனுப்புவதால், அழிந்ததை மற்றவற்றிலிருந்து மீட்டுவிடலாம்.

4.7 மைக்ரோ வினாடி என்பது சுமார் 1.4 கிலோமீட்டர் கூடுதல் பாதை. அதைத் தாண்டி, தொலைவிலுள்ள மலைச்சரிவிலிருந்து வலுவான எதிரொலி வந்தால் குறியீடுகள் மீண்டும் கலக்கும். அப்போது சிக்னல் அளவு நன்றாகவே காட்டும். பிழைகள் மட்டும் குறையாது. கோபுரத்தின் சக்தியைக் கூட்டியும் பயனில்லை, எதிரொலியும் கூடவே வலுக்கும். ஒட்டுத்துண்டை நீட்டுவதுதான் வழி, 4ஜியில் 16.7 மைக்ரோ வினாடி நீளமுள்ள ஒன்றும் அதற்காகவே உண்டு.

குறியீட்டை இன்னும் நீட்டினால் நல்லதுதானே என்றால், அதற்கும் வரம்பு இருக்கிறது. நீளம் கூடினால் துணை அலைகளின் இடைவெளி குறுகும். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில், 2.3 கிகாஹெர்ட்ஸ் அலை 230 ஹெர்ட்ஸ் வரை விலகித் தெரியும். 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு அது சிறியது. ஒரு கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு அதுவே துணை அலைகளைக் குழப்பிவிடும். மிக உயர்ந்த அதிர்வெண்களில் இந்த விலகல் பெருகுவதால், அங்கே 5ஜி 120 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை எடுத்துக்கொள்கிறது. அப்போது ஒட்டுத்துண்டு 0.6 மைக்ரோ வினாடியாகச் சுருங்கி, 180 மீட்டருக்கும் குறைவான கூடுதல் பாதையையே தாங்கும். அந்த அலைகள் சிறு தூரத்துக்கே எட்டுவதால், பெரும்பாலும் அதுவே போதுமானதாகிறது.