சுருக்கத்தில் மட்டும் முளைக்கும் முடிவுகள்

ஆய்வுக் கட்டுரையை எழுதி முடிக்கும் நேரத்தில் எழுதுபவர் களைத்துப் போயிருப்பார். இதழுக்கு அனுப்பும் முந்தைய இரவில், 250 சொற்களுக்குள் ஒரு சுருக்கத்தை எழுதிச் சேர்த்துவிடுவார். கட்டுரை முழுவதும் அவர் மனதில் இருப்பதால் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தக் கட்டுரையைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் படிக்கப்போவதோ அந்த 250 சொற்களைத்தான். முழுக் கட்டுரை பல இதழ்களில் பணம் கட்டினால்தான் கிடைக்கும். பப்மெட் போன்ற தளங்களில் சுருக்கம் இலவசமாகவே தெரியும்.

1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழான ஜாமாவில் பிட்கின் என்பவரும் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெயர்பெற்ற ஆறு மருத்துவ இதழ்களிலிருந்து இதழுக்கு 44 கட்டுரைகளை எடுத்து, சுருக்கத்தில் உள்ள தகவல்களை உள்ளே இருப்பவற்றோடு ஒப்பிட்டார்கள். சுருக்கத்தில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருந்தவை, உள்ளே எங்குமே இல்லாதவை இரண்டையும் குறையாகக் கணக்கிட்டார்கள். இதழைப் பொறுத்து 18 முதல் 68 விழுக்காடு வரையிலான சுருக்கங்களில் அப்படிப்பட்ட குறை இருந்தது. இவை கடுமையான மதிப்பாய்வைத் தாண்டி அச்சேறியவை.

யாரும் வேண்டுமென்று பொய் எழுதுவதில்லை. நினைவிலிருந்து எழுதும்போது, செய்து முடித்த ஆய்வும் செய்ய ஆசைப்பட்ட ஆய்வும் கலந்துவிடுகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கட்டுரையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

சர்க்கரை நோயாளிகள் 84 பேர். குலுக்கல் முறையில் 42 பேர் தினமும் அரை மணி நேரம் நடக்கும் குழுவிலும், 42 பேர் வழக்கம்போல் இருக்கும் குழுவிலும் சேர்க்கப்படுகிறார்கள். 12 வாரம் கழித்து வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு மாறியது என்பதே முதன்மைக் கேள்வி. நடந்தவர்களில் 33 பேரும் மற்றக் குழுவில் 38 பேரும் கடைசிவரை இருந்தார்கள். நடந்தவர்களின் சராசரி 152-லிருந்து 141 ஆனது, மற்றவர்களுடையது 149-லிருந்து 145 ஆனது. முதல் குழுவில் 11 புள்ளி, இரண்டாவதில் 4 புள்ளி என்பதால் வித்தியாசம் 7 புள்ளி. ஆனால் 95 விழுக்காடு நம்பக இடைவெளி, 15 புள்ளி குறைவிலிருந்து 1 புள்ளி உயர்வு வரை நீள்கிறது. அதாவது நடையால் ஒரு பலனும் இல்லை என்ற சாத்தியத்தை இந்தத் தரவால் தள்ளிவிட முடியாது. நடந்தவர்களில் 14 பெண்களுக்கு மட்டும் சராசரியாக 17 புள்ளி குறைந்தது என்று விவாதப் பகுதியில் ஒரு வரி வருகிறது. இது முன்கூட்டித் திட்டமிட்ட பகுப்பாய்வு அல்ல என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு நினைவிலிருந்து எழுதிய சுருக்கத்தின் கடைசி வரிகள் இப்படி அமையக்கூடும்: “நடைப்பயிற்சியால் சர்க்கரை அளவு 7.2 விழுக்காடு குறைந்தது. குறிப்பாகப் பெண்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. நடைப்பயிற்சி செலவில்லாத, பாதுகாப்பான சிகிச்சை முறை.”

மூன்று வரிகளும் படிக்க நன்றாக இருக்கின்றன. 7.2 விழுக்காடு என்ற எண் உள்ளே எங்கும் இல்லை. 152-இல் 11 எத்தனை விழுக்காடு என்று சுருக்கம் எழுதும்போது போட்ட கணக்கு அது. கணக்கு சரிதான், ஆனால் மற்றக் குழுவிலும் 4 புள்ளி குறைந்ததை அது மறைத்துவிடுகிறது. இரண்டாவது வரி, எச்சரிக்கையோடு ஓரமாகச் சொன்ன ஒன்றை எச்சரிக்கையைக் கழற்றிவிட்டு முன்வாசலுக்குக் கொண்டுவருகிறது. மூன்றாவது வரிக்கு ஆதாரமே இல்லை. யாருக்காவது கால்வலி வந்ததா, சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்ததா என்று அந்த ஆய்வு பதிவு செய்யவில்லை, செலவையும் கணக்கிடவில்லை. நடப்பது பாதுகாப்பானது என்பது எழுதியவரின் நம்பிக்கை. அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இந்தக் கட்டுரை அதைக் காட்டவில்லை.

இதைத் தவிர்க்க நான் நம்பும் வழி, சுருக்கத்தை ‘எழுத’ ஆரம்பிக்காமல் எடுக்க ஆரம்பிப்பது. கட்டுரையை அச்சிட்டுக்கொண்டு, நோக்கத்தைச் சொல்லும் வாக்கியம், யாரிடம் என்ன செய்தோம் என்பது, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முதன்மைக் கேள்விக்கான எண், முடிவுரையின் மைய வாக்கியம் ஆகியவற்றை அடிக்கோடிட வேண்டும். அவற்றை அப்படியே, பக்க எண்ணோடு, தனித்தாளில் பெயர்த்தால் நானூறு, ஐந்நூறு சொற்கள் வரும். அதன்பின் வேலை வெட்டுவதும் கோப்பதும் மட்டுமே. எண்களை அட்டவணையிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். விவாதப் பகுதியில் அதே எண் ஏற்கெனவே முழுமையாக்கப்பட்டு, ‘ஏறக்குறைய’ ஆகியிருக்கலாம்.

எழுதி முடித்ததும் பின்னோக்கிச் சரிபார்க்க வேண்டும். சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அது வந்த பக்கத்தை ஓரத்தில் குறிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் இரண்டு செய்திகள் இருந்தால் இரண்டு எண்கள் வேண்டும். ‘செலவில்லாத’, ‘பாதுகாப்பான’, ‘முதன்முறையாக’ போன்ற அடைமொழிகளுக்கும் தனித்தனி எண் கேட்க வேண்டும். புதிய கூற்றுகள் பெரும்பாலும் அடைமொழிகளாகத்தான் உள்ளே நுழைகின்றன. எண் கிடைக்காத சொல் போய்விட வேண்டும். அது உண்மை, அவசியம், கையில் தரவும் இருக்கிறது என்றால் கட்டுரைக்குள் உரிய இடத்தில் ஆதாரத்தோடு சேர்த்துவிட்டு, பிறகுதான் சுருக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறிய சுருக்கமும் தவறாக இருக்க முடியும். பெண்களின் 17 புள்ளியை மட்டும் எடுத்து, முதன்மைக் கேள்வியின் விடையை விட்டுவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்க எண் கிடைக்கும். ஆனாலும் படிப்பவர் பெறுவது கட்டுரையில் இல்லாத ஒரு முடிவு. விடுபடுதலே ஒரு புதிய கூற்றாகிவிடுகிறது. 2010-இல் பூத்ரோன் குழுவினர், முதன்மைக் கேள்வியில் தெளிவான வித்தியாசம் காணாத 72 மருத்துவச் சோதனைக் கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில், 58 விழுக்காட்டில், சுருக்கத்தின் முடிவுப் பகுதி சிகிச்சைக்குச் சாதகமாகத் திரிக்கப்பட்டிருந்தது. அதனால் பின்னோக்கிப் பார்த்தபின் ஒருமுறை முன்னோக்கியும் பார்க்க வேண்டும்: கட்டுரையின் முதன்மைக் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறதா, கட்டுரை சொல்லும் பெரிய குறை இங்கே தெரிகிறதா?

அப்படிச் செய்தால் நம் எடுத்துக்காட்டின் கடைசிப் பகுதி இவ்வாறு அமையும்: “சேர்ந்த 84 பேரில் 71 பேர் ஆய்வை முடித்தனர் (நடைக் குழு 33, ஒப்பீட்டுக் குழு 38). வெறும் வயிற்றுச் சர்க்கரை நடைக் குழுவில் சராசரியாக 11 புள்ளியும், ஒப்பீட்டுக் குழுவில் 4 புள்ளியும் குறைந்தது. வித்தியாசம் 7 புள்ளி. 95 விழுக்காடு நம்பக இடைவெளி 15 புள்ளி குறைவு முதல் 1 புள்ளி உயர்வு வரை. 12 வார நடைப்பயிற்சி சர்க்கரையைக் குறைக்கிறது என்று இவ்வாய்வு உறுதிப்படுத்தவில்லை.”

இப்படி எழுதினால் இதழ் ஏற்குமா என்ற கவலை நெறியாளருக்கும் மாணவருக்கும் வரும், அது நியாயமான கவலைதான். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு என்ன சொல்வதென்று தேடும் ஒரு மருத்துவர் இந்தச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போனாலும், அவர் எடுத்துச் செல்வது கட்டுரை உண்மையில் கண்டதாக இருக்கும். சொல்வரம்பு இடித்தால் முன்னுரையை வெட்டலாம். நீரிழிவு பெருகிவருகிறது என்று அவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பாதியில் விலகியவர்களின் எண்ணிக்கையை வெட்டக் கூடாது.

மதிப்பாய்வாளர்கள் திருத்தம் கேட்கும் கட்டமும் ஒன்று உண்டு. பகுப்பாய்வை மாற்றச் சொல்வார்கள், உள்ளே 7 என்பது 6 ஆகும், அட்டவணை மாறும். மாநாட்டுக்காக முன்பே எழுதி ஒட்டிய சுருக்கம் அங்கே பழைய எண்ணோடு நிற்கும். ஒவ்வொரு திருத்தச் சுற்றுக்குப் பிறகும், கட்டுரையை மறுபடி அனுப்பும் முன், அந்த ஓரத்துப் பக்க எண்களை முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.