விலகியவர் கையில் வாடிக்கையாளர் பட்டியல்: சட்டம் எதைத் தடுக்கும்?

வணிக ரகசியத்துக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் நம்பி ஒப்படைத்த தகவலைத் தவறாகப் பயன்படுத்தியவர் மீது உரிமையியல் வழக்குத் தொடரலாம். தகவல் ஊரறிந்தது அல்ல, ரகசியம் காக்கும் கடமையோடு அவரிடம் வந்தது, அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டது ஆகிய மூன்றையும் வழக்காடுபவர் காட்ட வேண்டும்.

முன்னாள் ஊழியர் அதே தொழிலைத் தொடங்குவதைத் தடுக்க முடியாது. 'விலகியபின் இத்தொழில் செய்யமாட்டேன்' என்று எழுதி வாங்கியிருந்தாலும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது. வேலையில் பழகிய திறமையும் கைப்பக்குவமும் அவருக்கே சொந்தம்.

வாடிக்கையாளர் விவரத்தில் எல்லை எங்கே என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. தபால்வழி விற்பனை செய்த பர்லிங்டன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தொகுப்பை முன்னாள் ஊழியர் எடுத்துச்சென்று பயன்படுத்தியபோது, டெல்லி உயர் நீதிமன்றம் 1995இல் தடை விதித்தது. இங்கிலாந்தின் ஃபசெண்டா சிக்கன் வழக்கில், வேனில் கோழி இறைச்சி விற்ற நிறுவனத்தின் விற்பனை மேலாளர் விலகிப் போட்டித் தொழில் தொடங்கினார். வாடிக்கையாளர் யார், எந்தத் தெருவில் எந்த நாளில் வாங்குவார் என்பதெல்லாம் பணியின்போது மனத்தில் பதிந்த அறிவு என்று கூறி, 1986இல் நீதிமன்றம் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. ஆகவே பட்டியல் நகலெடுக்கப்பட்டதற்கான சான்றே வழக்கின் உயிர்.

செய்முறைக்கும் இதே அளவுகோல்தான். கடையில் வாங்கிய மசாலாவைச் சுவைத்தும் சோதித்தும் ஒருவர் கலவையைக் கண்டுபிடித்தால் அது மீறல் அல்ல. எழுதி வைத்திருந்த அளவுக் குறிப்பை நகலெடுத்துப் பயன்படுத்தினால் மீறல். குறிப்பு எத்தனை பேருக்குத் தெரியும், எப்படிப் பூட்டி வைக்கப்பட்டது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

பிரிந்த பங்காளியின் நிலை சற்று வேறு. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 36ஆம் பிரிவின்படி அவர் போட்டித் தொழில் நடத்தலாம். ஆனால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தவோ பழைய வாடிக்கையாளரை அணுகி ஆர்டர் கேட்கவோ கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கோ இடத்துக்கோ போட்டித் தொழில் செய்வதில்லை என்று பங்காளிகள் செய்துகொள்ளும் நியாயமான ஒப்பந்தமும் செல்லும்.

மீறல் தெரிந்ததும் மின்னஞ்சல், கணினிப் பதிவு ஆகியவற்றை அழியாமல் பாதுகாக்க வேண்டும். பட்டியலில் முன்பே சேர்த்துவைத்த போலி முகவரிக்கு எதிராளியின் விளம்பரம் வந்தால் அது வலுவான சான்று. எதிராளி தடயத்தை அழிப்பார் என்ற அச்சம் இருந்தால், நோட்டீஸ் அனுப்பாமல் நேராக நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடையும், கணினியைப் பார்வையிட்டுப் பதிவுசெய்ய வழக்கறிஞர் ஆணையரும் கேட்கலாம். செய்முறையை மூடிய உறையில் தாக்கல் செய்ய அனுமதி கோரலாம். இறுதியில் நிரந்தரத் தடை, நகல்களை ஒப்படைத்தல், இழப்பீடு அல்லது எதிராளி ஈட்டிய லாபத்தின் கணக்கு ஆகியவை கிடைக்கக்கூடும். அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை எடுத்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்கீழ் காவல்துறையிலும் புகார் கொடுக்கலாம்.

தாமதித்தால் இடைக்காலத் தடை கிடைப்பது கடினமாகும். செய்முறை ஊரறிய வெளியாகிவிட்டால் காக்க ரகசியம் எஞ்சாது. பிறகு பெரும்பாலும் இழப்பீட்டுக்கு மட்டுமே வழியுண்டு.