தூரத்தில் பொருந்திய நேரம், பக்கத்தில் வந்ததும் ஏன் பிசகுகிறது?

புதிதாகக் காதலிப்பவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "வேறு நாட்டில் இருக்கும்போது மணிக்கணக்காகக் கதைத்தார். பக்கத்தில் வந்த பிறகு கதைக்க நேரமில்லை என்கிறார்." இதற்குக் காரணம் எப்போதும் மனமாற்றம் அல்ல. பல வேளைகளில் இருவரின் உடல் கடிகாரங்களும்தான் காரணம்.

ரொறன்ரோவில் ஒரு பெண், இலண்டனில் ஓர் ஆண் என்று வைத்துக்கொள்வோம். பெண் வேளைக்கே எழும்புபவர். இரவு 9 மணிக்குத் தூங்கி அதிகாலை 5 மணிக்கு எழும்புவார், விடுமுறை நாளிலும் அப்படித்தான். ஆண் இரவில் விழித்திருப்பவர். வேலை நாளில் 1 மணிக்குத் தூங்கி 8 மணிக்கு எழும்புவார். விடுமுறை நாளில் 2 மணிக்குத் தூங்கினால் 10 மணிக்குத்தான் கண் விழிப்பார்.

ஒருவர் எந்த வகை என்று அறிய ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மியூனிக் நகரில் தில் ரோனபெர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட வினாக்கொத்து இதையே அடிப்படையாகக் கொண்டது. அலாரம் வைக்காத விடுமுறை நாளில் தூங்கத் தொடங்கிய நேரத்துக்கும் விழித்த நேரத்துக்கும் நடுப்புள்ளி எது என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது அதிகாலை 1 மணி. ஆணுக்குக் காலை 6 மணி. இடைவெளி ஐந்து மணித்தியாலம்.

ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் உள்ள நேர வித்தியாசமும் வழக்கமாக ஐந்து மணித்தியாலம்தான். ரொறன்ரோவில் 1 மணி என்றால் இலண்டனில் 6 மணி. அதாவது இந்த இருவரும் கடல் கடந்து ஒரே நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெண் வேலை முடிந்து மாலை 4 மணிக்கு வீடு வரும்போது அவருக்கு இரவு 9 மணி. அது அவர் உற்சாகமாக இருக்கும் நேரம். அங்கிருந்து நான்கு மணித்தியாலம் இருவரும் களைப்பில்லாமல் கதைக்கலாம். அந்தப் பொருத்தத்தை அவர்கள் மனப்பொருத்தம் என்று மட்டும் எண்ணியிருப்பார்கள்.

இப்போது அவர் வேலை கிடைத்து ரொறன்ரோவுக்கு வருகிறார். முதல் சில நாட்கள் எல்லாம் நன்றாகவே போகும். அவர் உடல் இன்னும் இலண்டன் நேரத்தில் இருப்பதால் இரவு 8, 9 மணிக்கே தூக்கம் வரும், அதிகாலையில் விழிப்பும் வரும். 'இவரும் என்னைப் போலத்தான்' என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் ஒரு வாரத்துக்குள் அவர் உடல் உள்ளூர் நேரத்துக்குப் பழகிவிடும். பழகியதும் பழையபடி இரவு 1 மணிக்குத்தான் தூக்கம். அவர் மனம் திறந்து கதைக்க விரும்பும் 10 மணிக்கு அவள் தூங்கிவிடுவாள். அவள் அனுப்பும் 5 மணிச் செய்திக்குப் பதில் 8.30க்குத்தான் வரும்.

மோதல் பெரும்பாலும் இரண்டு நேரங்களில் எழும்புகிறது. ஒன்று, இரவு 9 மணிக்கு மேல். அவளுக்குத் தூக்கம் சொக்க, அவர் "எங்கள் எதிர்காலம்" என்று தொடங்குவார். மற்றது, காலையில் அவர் எழும்பிய முதல் அரை மணித்தியாலம். அப்போது மூளை முழுதாக விழித்திருக்காது, பதில்கள் ஒற்றைச் சொல்லில் வரும். அந்தச் சுருக்கத்தை அவள் வெறுப்பு என்று வாசிப்பாள்.

இவர்களுக்கு மீதமிருப்பது அவர் வேலை முடிந்து வரும் மாலை 6 மணிக்கும் இரவு 8.30க்கும் இடைப்பட்ட நேரம். பணம், வீட்டாரிடம் சொல்வது, கல்யாணம் போன்ற பாரமான பேச்சுகளை அதற்குள் வைத்துக்கொள்வது நல்லது. மற்ற நேரத்தில் குரல் பதிவு ஒன்றை அனுப்பிவிட்டு, பதிலை அவர் நேரத்தில் எதிர்பார்க்கலாம்.

கடிகாரத்தை மாற்ற முடியாதா? காலையில் எழும்பியவுடன் வெளிச்சத்தில் நடப்பதும், இரவில் விளக்கையும் திரையையும் குறைப்பதும் தூக்க நேரத்தைச் சற்று முன்னுக்குக் கொண்டுவரும். விட்டுவிட்டால் பழையபடி ஆகிவிடும். இதில் பரம்பரைக்கும் வயதுக்கும் பங்கு உண்டு. பொதுவாக இருபது வயதளவில்தான் தூக்கம் மிகவும் பிந்துகிறது, பிறகு மெல்ல முன்னேறும். இரவு, பகல் என்று மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் கடிகாரத்தைச் சாட்டவும் கூடாது. காலையில் அவர் யாருக்குமே பதில் போடுவதில்லை என்றால் அது தூக்கம். மாலை 7 மணிக்கு, நண்பர்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு, உங்களுக்கு மட்டும் பதில் போடவில்லை என்றால் அது வேறு விஷயம். அதைத் தூங்கப் போகுமுன் அல்ல, அடுத்த நாள் மாலை 6 மணிக்கு நேரில் கேளுங்கள்.