விதியும் நிகழ்வும்

சட்டப் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் 'கிளாட்' எனப்படும் பொதுச் சட்டச் சேர்க்கைத் தேர்வில் ஒரு தனிவகை வினா நெடுங்காலம் இடம்பெற்றது. முதலில் ஒரு சட்டவிதி தரப்படும். அடுத்து ஒரு நிகழ்வு விவரிக்கப்படும். விதியை நிகழ்வுக்குப் பொருத்தி, நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்ட அறிவு முன்னரே வேண்டுவதில்லை. ஆயினும், இவ்வினாவில் தடுமாறுவோர் பலர். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

விதி: பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது.

நிகழ்வு: பதினேழு வயதுடைய மாறன், தனக்குப் பத்தொன்பது வயது எனப் பொய்ச்சான்று காட்டி, ஒரு கடையில் மடிக்கணினி ஒன்றையும் ஒளிப்படக்கருவி ஒன்றையும் கடனாக வாங்கினான். ஒளிப்படக்கருவியை விற்று, வந்த பணத்தைச் செலவிட்டுவிட்டான். மடிக்கணினி அவனிடமே உள்ளது. ஒப்பந்தப்படி விலையைத் தருமாறு கடைக்காரர் வழக்குத் தொடுக்கிறார்.

விடைகள்: (அ) பொய் கூறியதால் மாறன் முழு விலையையும் தர வேண்டும். (ஆ) அவன் பெற்றோர் தர வேண்டும். (இ) ஒப்பந்தம் செல்லாது. ஆகவே, விலையைப் பெற முடியாது. (ஈ) அவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பியபின் பெறலாம்.

படித்தவுடன் நம் மனம் (அ)-வை நாடும். ஏமாற்றியவன் தப்பலாமா என்னும் நியாய உணர்வே அதற்குக் காரணம். அவ்வுணர்வு தவறன்று, ஆனால், வினா அதனைக் கேட்கவில்லை. கொடுக்கப்பட்ட விதி வயதை மட்டுமே நோக்குகிறது. பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. (ஆ) விதியிலும் நிகழ்விலும் இல்லாத பொறுப்பொன்றை வெளியிலிருந்து கொண்டுவருகிறது. (ஈ) சற்று நுட்பமான பொறி. 'செல்லாது' என்பதை 'இப்போதைக்குச் செல்லாது' என்று அது திரித்துக்கொள்கிறது. ஒப்பந்தம் செய்தபோது இருந்த வயதே விதிக்குப் பொருள். பின்னர் வரும் பிறந்தநாள் அதனை உயிர்ப்பிப்பதில்லை. எனவே, (இ) என்பதே விடை.

இனி நிகழ்வை மாற்றாமல் விதியை மட்டும் சற்று நீட்டுவோம்: '...ஒப்பந்தம் செல்லாது, எனினும், வயதை மறைத்துப் பெற்ற பொருள் அவரிடம் இருக்குமாயின், அதனைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.' இப்போது மாறன் கூறிய பொய்க்குப் பொருள் வந்துவிடுகிறது. மடிக்கணினியை அவன் ஒப்படைக்க வேண்டும். ஒளிப்படக்கருவி அவனிடம் இல்லை. ஆகவே, அதனைக் கேட்க இயலாது. அதன் விலையையும் கேட்க இயலாது. 'இருக்குமாயின்' என்னும் ஒற்றைச் சொல் இரு பொருள்களையும் இருவேறு முடிவுகளுக்குக் கொண்டுசெல்கிறது. விதியை விரைந்து படிப்பவர் இழப்பது பெரும்பாலும் இத்தகைய சொற்களையே.

இவ்விதி கற்பனையன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதிக்கு உரிய வயதை எய்தியிருத்தல் வேண்டும் என்கிறது. கொல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் என்னும் இளவர், அதாவது உரிய வயதை எய்தாதவர், தம் சொத்தை ஈடுவைத்துக் கடன் பெற்றார். அவ்வழக்கில் இளவரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1903இல் தீர்ப்பளித்தது. அவர் தம் வயதைப் பற்றிப் பொய் கூறினார் என்று கடன் கொடுத்தவர் தரப்பு வாதிட்டது. ஆனால், கடன் கொடுத்தவரின் முகவருக்கு அவர் இளவர் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. உண்மையை அறிந்தவர் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கூற முடியாது என்பதால் அவ்வாதம் எடுபடவில்லை.

பின்னர் வந்த 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், இளவர் தாம் அடைந்த பயனளவிற்குத் திருப்பித் தருமாறு ஆணையிட நீதிமன்றத்திற்கு இடமளிக்கிறது. இதனை அறிந்த மாணவருக்கு ஓர் இடர் உண்டு. முதல் வினாவிலும் அவர் இச்சட்டத்தை நினைத்துக்கொண்டு, மாறன் ஏதேனும் தந்தாக வேண்டும் என்று கருதிவிடலாம். அங்கே தரப்பட்ட விதியில் அதற்கு இடமில்லை. நூலகத்தில் பயன்படும் அறிவு, இவ்வினாவில் இடறச் செய்யும்.

2020 முதல் இத்தேர்வில் விதி தனியே எடுத்துத் தரப்படுவதில்லை. நீண்ட உரைப்பத்தி ஒன்றுக்குள் அது கலந்திருக்கும். பத்தியில் வரலாறும் கருத்தும் விதியும் ஒன்றாகக் கிடக்க, எது விதி, அதற்கு விலக்கு எந்த வரியில் உள்ளது என்பதை மாணவரே கண்டெடுக்க வேண்டும். 'எனினும்', 'தவிர', 'ஆயின்' போன்ற சொற்கள் நிற்கும் இடங்களில் விலக்கைப் பெரும்பாலும் காணலாம். அதன்பின் செய்ய வேண்டியது மாறனின் வழக்கில் நாம் செய்த அதே வேலைதான்.