வங்கிக் கணக்கில் 14,600, வரிக் கணக்கில் 23,000

ஆன்லைன் விளையாட்டில் வென்றவருக்கு வருமான வரித் துறையின் நோட்டீஸ் வந்தால், பதில் எழுதும் முன் விளையாட்டுத் தளத்தின் ஆண்டுக் கணக்கு அறிக்கையைத் திறந்து பார்க்க வேண்டும். வங்கிப் பாஸ்புக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தொகை ஏன் தவறுகிறது என்பதை 2024-25 நிதியாண்டுக்கான ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம்.

ஏப்ரல் 1 அன்று வாலட்டில் 2,000 ரூபாய் இருந்தது. ஜூலை வரை 20,000 ரூபாய் கட்டியவர், அந்த மாதம் 40,000 எடுத்தார். அதில் 22,000 அவருடைய பணம், மீதி 18,000 வெற்றி. 194BA பிரிவின்படி 30% பிடித்தம் 5,400 போக, வங்கிக்கு வந்தது 34,600. பிறகு மேலும் 30,000 கட்டி, ஜனவரியில் 30,000 எடுத்தார். புதிதாக நிகர வெற்றி இல்லாததால் பிடித்தமும் இல்லை. மார்ச் 31 அன்று வாலட்டில் 5,000 மிஞ்சியது. அதை எடுக்காவிட்டாலும் அது அந்த ஆண்டின் வெற்றியே. அதற்குப் பிடித்தம் 1,500.

| விவரம் | ரூபாய் |
|---|---|
| எடுத்த தொகை | 70,000 |
| இறுதி இருப்பு (கூட்டுக) | 5,000 |
| கட்டிய தொகை (கழிக்க) | 50,000 |
| தொடக்க இருப்பு (கழிக்க) | 2,000 |
| நிகர வெற்றி | 23,000 |
| மொத்தப் பிடித்தம் | 6,900 |

வங்கியில் வரவு 64,600, செலவு 50,000. வித்தியாசமான 14,600-ஐ வருமானமாகக் காட்டிவிட்டு, 6,900 பிடித்தத்தையும் வரவு கேட்டால், 139(9) பிரிவில் 'குறையுள்ள ரிட்டர்ன்' நோட்டீஸ் வரக்கூடும். வங்கிக் கணக்கில் தெரியாதவை மூன்று: பிடித்த 5,400, தொடக்க இருப்பு 2,000, இறுதி இருப்பு 5,000. 14,600-உடன் 5,400-ஐக் கூட்டி, 2,000-ஐக் கழித்து, 5,000-ஐக் கூட்டினால் 23,000 வந்துவிடும்.

தளம் தந்த போனஸைக் கட்டிய பணத்தோடு சேர்க்கக் கூடாது. அது உங்கள் கையிலிருந்து போனதல்ல. அதைப் பணமாக எடுத்தால் வெற்றியில் சேரும்.

Form 26AS-ல் உள்ள பிடித்தத்தை 0.30-ஆல் வகுத்துப் பாருங்கள். 6,900-க்கு 23,000 வர வேண்டும். தளத்தின் அறிக்கையும் அதையே சொன்னால் நோட்டீஸ் சரி. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் e-Proceedings பகுதியில் ஒப்புக்கொண்டு, திருத்திய ரிட்டர்னைப் போட வேண்டும். சிறப்பு விகித வருமானம் என்பதால் ITR-1 செல்லாது. 4% செஸ் சேர்ந்து வரி 7,176 ஆகும், இன்னும் 276 ரூபாய் கட்ட வேண்டும்.

அறிக்கையில் 23,000 இருக்க, 26AS-ல் எடுத்த தொகையான 70,000 பதிவாகியிருந்தால் தவறு தளத்துடையது. அறிக்கையை இணைத்து மறுப்பு எழுதுங்கள். தளம் தன் டி.டி.எஸ். தாக்கலைத் திருத்தும்படியும் எழுதிக் கேளுங்கள்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. பழைய ஆண்டுகளுக்கான கேள்வி இனியும் வரலாம். கணக்கு மூடப்படும் முன், ஒவ்வொரு ஆண்டின் அறிக்கையையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.