முற்றுகளை எண்ணுங்கள், ஆனால்…

'கண்ணன் எழுந்து, குளித்து, உண்டு, பள்ளிக்குச் சென்றான்.' இது எவ்வகைத் தொடர் என்று கேட்டால், நான்கு வினைகளைக் கண்ட மாணவர் பலர் 'தொடர் வாக்கியம்' என்று குறித்துவிடுவார்கள். விடை தனி வாக்கியம்.

எண்ண வேண்டியது வினைகளை அல்ல, வினைமுற்றுகளை. எழுந்து, குளித்து, உண்டு என்பவை எச்சங்கள்; அவற்றோடு வாக்கியத்தை நிறுத்த முடியாது. 'சென்றான்' என்பதோடு நிறுத்தலாம். அதன் 'ஆன்' விகுதி, செய்தவன் யாரென்றும் சொல்லிவிடுகிறது. ஆக, முற்று ஒன்றே. அதையே 'கண்ணன் எழுந்தான், குளித்தான், உண்டான், பள்ளிக்குச் சென்றான்' என்று எழுதினால் ஓர் எழுவாய்க்கு நான்கு முற்றுகள். இதுதான் தொடர் வாக்கியம்.

இந்தக் கணக்கு காலை வாரிவிடும் இடம் கலவை வாக்கியம். 'மழை பெய்ததால் கண்ணன் பள்ளிக்குச் செல்லவில்லை' என்பதில் முற்று ஒன்றுதான். ஆனால் 'பெய்ததால்' என்பதற்கு 'மழை' என்ற தனி எழுவாய் இருக்கிறது. அது துணை வாக்கியம். 'கண்ணன் வருவான் என்று ஆசிரியர் சொன்னார்' என்பதிலோ முற்றுகள் இரண்டு. 'என்று' முதல் முற்றை இரண்டாவதற்குக் கீழ்ப்படுத்துவதால் இதுவும் கலவையே.

'அவர் மருத்துவர்' என்பதில் வினையே இல்லை, பெயரே பயனிலை. அதனால் தேர்வில் முற்றுகளை எண்ணியதும் விடையைக் குறித்துவிடாதீர்கள். எச்சத்துக்குத் தனி எழுவாய் உண்டா, நடுவில் 'என்று' நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.