கன அளவுக்கு dx போதும், மேற்பரப்புக்குப் போதாது

பிள்ளையின் கால்குலஸ் நோட்டில் இந்தத் தவறு இருக்கான்னு பாருங்க. y = 4x/3 என்ற கோட்டை, x = 0 முதல் 3 வரை, x-அச்சைச் சுற்றிச் சுழற்றினால் ஒரு கூம்பு கிடைக்கும். உயரம் 3, ஆரம் 4, சாய்வு உயரம் 5.

கன அளவுக்கு இதை மெல்லிய வட்டத் தட்டுகளாக வெட்டுகிறோம்: ∫πy² dx = 16π. தட்டு மெலிய மெலிய, அதன் விளிம்பு சாய்வா நேரா என்பது பொருட்டே இல்லை.

மேற்பரப்புக்கோ அந்த விளிம்புதான் கணக்கே! ∫2πy dx என்று போட்டால் 12π வரும், அது தப்பு. ஒவ்வொரு பட்டையும் சாய்ந்திருப்பதால் அதன் அகலம் dx-ஐப் போல 5/3 மடங்கு. எவ்வளவு மெல்லிசா வெட்டினாலும் அந்த மடங்கு குறையாது. அதனால் dx-ஐ √(1+(dy/dx)²) ஆல் பெருக்கணும், விடை 20π. பள்ளியில் படித்த πrl சூத்திரமும் அதையேதான் தருகிறது: π × 4 × 5.